பொட்டு, முக்காடு, கயிறு: புது வார்டு மேனேஜரிடம் எப்படிச் சொல்வது?

காலை ஏழே முக்கால். ஹேண்டோவர் முடிந்து எல்லோரும் அவரவர் பக்கத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். அந்த வாரம்தான் வந்து சேர்ந்திருந்த வார்டு மேனேஜர், எங்கள் தங்கை ஒருத்தியை நிறுத்தி, "உன் தலையில் அடிபட்டிருக்கிறதா? ரத்தம் மாதிரி தெரிகிறதே" என்று கேட்டார். அவள் திருமங்கலம் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. வகிட்டில் வைத்த குங்குமம் வேர்வையில் கரைந்து நெற்றி வரை இறங்கியிருந்தது. அவளுக்கு வெட்கமாகிவிட்டது. "ஐயோ, ஒன்றுமில்லை, சும்மா வைத்தது, துடைத்துவிடுகிறேன்" என்று சொல்லி டிஷ்யூவை எடுத்துத் துடைத்தும்விட்டாள்.

மறு வாரம் ஸ்டாஃப் ரூமில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. முகத்திலும் நெற்றியிலும் அலங்காரக் குறிகள் கூடாதாம், கழுத்தில் எதுவும் தெரியக் கூடாதாம், தலைத்துணிக்கு முன்அனுமதி வேண்டுமாம். மேனேஜரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "சும்மா வைத்தது" என்று அவள் சொன்னாள், அவரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அந்த ஒரு சொல்லைச் சரிசெய்ய எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பிரிட்டனில் அரசு மருத்துவமனை, முதியோர் இல்லம் என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுவது இது. சட்டம் பற்றிச் சொல்வது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்துக்கு வேறு சட்டம்.

வாயைத் திறக்கும் முன் பாலிசியைப் படியுங்கள்

ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு யூனிஃபார்ம் பாலிசி இருக்கும். உள் இணையதளத்தில் தேடினால் கிடைக்கும், இல்லையென்றால் ஹெச்.ஆரிடம் கேட்டு வாங்குங்கள். முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். மத உடை பற்றி என்ன எழுதியிருக்கிறது, விலக்கு தர யாருக்கு அதிகாரம், அந்த விதிக்கு என்ன காரணம் சொல்லியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். இதைப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை முடிந்துவிடும். எங்கள் கதையிலும் அதுதான் நடந்தது. மருத்துவமனை பாலிசியில் பொட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "ஒப்பனை மிதமாக இருக்க வேண்டும்" என்று ஒரு வரி இருந்தது. மேனேஜர் பொட்டை ஒப்பனையாக எண்ணி அந்த வரிக்குள் அடக்கிவிட்டார். தலைத்துணிக்கு முன்அனுமதி என்பதோ பாலிசியில் எங்குமே இல்லாதது, அவராகச் சேர்த்தது.

தேசிய அளவில் என்.எச்.எஸ். முதலாளிகளுக்கென்று யூனிஃபார்ம் வழிகாட்டுதல் ஒன்று இருக்கிறது. 2020-இல் புதுப்பித்தார்கள். நமக்கு வேண்டிய பல விஷயங்கள் அதில் ஏற்கெனவே யோசிக்கப்பட்டிருக்கின்றன. நோயாளியைத் தொட்டு வேலை செய்யும்போது முழங்கைக்குக் கீழே வெறும் கையாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. மத காரணத்தால் முன்கையை மறைக்க விரும்புகிறவர்கள், ஒரு முறை போட்டுக் கழற்றி எறியும் உறைக்கைகளைப் போட்டுக்கொள்ளலாம். கையுறையைப் போலவே ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்ற வேண்டும். சீக்கியர்களின் கடா என்ற கைவளையத்தை மேலே தள்ளி நழுவாமல் நிறுத்திவிட்டுக் கை கழுவலாம் என்ற யோசனையும் அதில் உண்டு. புது மேனேஜருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்களிடம் இருப்பதை அவர் கண்ணால் பாருங்கள்

அடுத்து வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் அணிவது என்ன, உடம்பில் எங்கே இருக்கிறது, எதனால் ஆனது, உதிருமா, நழுவுமா, நனைந்தால் என்ன ஆகும், எப்போது கழற்றலாம், எப்போது முடியாது. குங்குமத்தின் தத்துவம், விபூதியின் மகிமை எல்லாம் இந்தத் தாளில் வேண்டாம். மேனேஜர் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: இதனால் நோயாளிக்கோ உனக்கோ ஏதாவது ஆகுமா? அதற்குப் பதில் சொல்லாமல் அகத்தியர் காலத்திலிருந்து ஆரம்பித்தால் அவர் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்.

நெற்றிக் குறிகளில் நிஜமான பிரச்சினை உதிர்வது ஒன்றுதான். பொடிக் குங்குமம் உதிரும், வேர்வையில் ஓடும், வெள்ளைப் படுக்கை விரிப்பில் விழுந்தால் ரத்தக் கறை என்றே எண்ணுவார்கள். ஸ்டிக்கர் பொட்டு வேர்த்தால் பசை விட்டு விழும். டிரெஸ்ஸிங் மாற்றும்போது காயத்தின் மேல் விழுந்தால் அது சின்ன விஷயம் இல்லை. உலர்ந்த விபூதியைப் பட்டையாக இட்டுக்கொண்டு குனிந்தாலும் அதே கதை. இதற்கெல்லாம் தீர்வு நம் வீட்டிலேயே இருக்கிறது. சாந்துப் பொட்டு வைத்துக் காய விட்டால் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில்கூட அசையாது. விபூதியை நீரில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் உபரியைத் தட்டிவிட்டால் கீற்றாக நிற்கும், உதிர்வது மிகக் குறைவு. வகிட்டில் குங்குமம் வேண்டும் என்றால் எங்கள் அம்மா காலத்தில் செய்ததுபோல முதலில் துளி மெழுகு தடவி அதன்மேல் வைக்கலாம், அல்லது திரவக் குங்குமம். எங்கள் தங்கை இதைத்தான் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நான்கு விதமாக வைத்துக்கொண்டு, மாஸ்க் போட்டு, வெள்ளைத் துண்டுக்கு மேல் குனிந்து நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு மணி நேரத்தில் துண்டில் எதில் துகள் விழுந்தது, எதில் விழவில்லை என்று போட்டோ எடுத்து வைத்துக்கொண்டாள். பின்னால் அந்தப் போட்டோ நான் பேசிய எல்லாப் பேச்சையும் விட அதிகமாக வேலை செய்தது.

கையில் கட்டிய கயிறு வேறு மாதிரி. கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறாக இருந்தாலும் சரி, தர்காவில் கட்டியதாக இருந்தாலும் சரி, நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: மணிக்கட்டில் இருக்க விட மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. நூல் தண்ணீரை உறிஞ்சும், நாள் முழுவதும் ஈரமாகவே இருக்கும், அதற்கு அடியில் கை சுத்தமாகாது. இதற்காகச் சண்டை போட்டு உங்கள் நல்ல பெயரைச் செலவழிக்காதீர்கள். நம்மில் பலர் புஜத்தில் கட்டுகிறோம், இடுப்பில் கட்டுகிறோம். புஜத்தில் கட்டியது டூனிக் கைக்குள் மறைந்துவிடும். "மணிக்கட்டிலிருந்து நானே மாற்றிவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு போனால், அடுத்து நீங்கள் கேட்கப்போவதை அவர் வேறு காதால் கேட்பார்.

தாலி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கழுத்துச் சங்கிலியில் இரண்டு ஆபத்து உண்டு. குழம்பிப்போன நோயாளி பிடித்து இழுக்கலாம், குனியும்போது வெளியே ஊசலாடிக் காயத்தில் படலாம். இரண்டுமே வெளியே தொங்கினால் வருகிற ஆபத்துகள். உள்ளாடையோடு சேர்த்து ஊக்கு குத்தி, மேலே கழுத்து மூடிய உள்பனியன் போட்டுவிட்டால் இரண்டும் பெருமளவு போய்விடும். ஆனால் எம்.ஆர்.ஐ. அறைக்குள் நோயாளியைக் கூட்டிப் போக வேண்டியவர்களுக்கு ஒரு விலக்கும் கிடையாது, உலோகம் உள்ளே போகக் கூடாது. அந்த வேலை வரும் நாளில் என்ன செய்வீர்கள் என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொண்டவர்கள் உண்டு, அந்த வேலையை இன்னொருவரிடம் மாற்றிக்கொள்ள எழுத்தில் கேட்டவர்களும் உண்டு. மஞ்சள் கயிறு என்றால் அதில் தங்கத்தாலி கோத்திருக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

முக்காட்டில் துணியே பாதி விஷயம்

அந்த அறிவிப்பால் அதிகம் கலங்கியது காயல்பட்டினத்திலிருந்து வந்த இன்னொரு நர்ஸ். எங்கள் வார்டிலும் வேலை, வாரத்தில் ஒரு நாள் ஆபரேஷன் தியேட்டரிலும் வேலை. அவள் தயாரித்த தாள்தான் நான் பார்த்ததிலேயே நல்லது. மார்க்கத்தைப் பற்றி முதல் வரியில் ஒரே ஒரு வாக்கியம், அதற்கப்புறம் முழுக்கத் துணியைப் பற்றி.

என்.எச்.எஸ். வழிகாட்டுதல்படி யூனிஃபார்மை 60 டிகிரியில் பத்து நிமிடம் துவைத்தால் ஏறக்குறைய எல்லா நுண்ணுயிரும் போய்விடும். ஷிஃபான், பட்டு வகை முக்காடுகள் அந்தச் சூட்டைத் தாங்காது, சுருங்கிவிடும். அதனால் அவள் பருத்தி ஜெர்சித் துணியில், தலைவழியாக மாட்டிக்கொள்ளும் வகையில் ஆறு வாங்கினாள். ஷிஃப்டுக்கு ஒன்று. ஊக்கே கிடையாது, ஊக்கு விழவும் செய்யும், குத்தவும் செய்யும். முனைகள் டூனிக்கின் கழுத்துக்குள் போய்விடும், தொங்காது. நிறம் யூனிஃபார்மின் கருநீலம். பேட்ஜ் மறையாது. இறுக்கமான மாஸ்க் போட வேண்டிய இடங்களில் துணியின் ஓரம் மாஸ்க் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே போகக் கூடாது. அதனால் மாஸ்க் பொருத்தப் பரிசோதனைக்கு அவள் அதே முக்காட்டோடு போய்த் தேறிவிட்டு வந்தாள்.

தியேட்டருக்கு மட்டும் அவள் கேட்டது ஒரு முறை அணிந்து எறியும் முக்காடு. இது புதுமை ஒன்றும் இல்லை. 2019 கடைசியில் டார்பி மருத்துவமனை இப்படிப்பட்ட முக்காடுகளை அறுவை அரங்குக்காக வாங்கத் தொடங்கியது. பயிற்சி மருத்துவர் ஒருவர், நாள் முழுவதும் போட்டிருந்த முக்காட்டோடு தியேட்டருக்குள் போவது தொற்று ஆபத்து என்று சொல்லி வெளியே அனுப்பப்பட்டார். அதற்குப் பிறகு அவரே யோசித்துக் கொண்டுவந்த யோசனை அது. "முக்காடு போடவே கூடாது" என்பதற்கும் "பழைய முக்காடு உள்ளே வரக் கூடாது" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் பிடித்துக்கொண்டார். உங்கள் மேனேஜர் மறுக்கும்போது இந்த இரண்டில் எதைச் சொல்கிறார் என்று நீங்களும் கேட்டுப் பாருங்கள். அநேகமாக இரண்டாவதாகத்தான் இருக்கும்.

பேசப் போகும்போது

நடைபாதையில் பிடித்துப் பேசாதீர்கள், மருந்து வண்டியோடு நிற்கும்போது சுத்தமாக வேண்டாம். இருபது நிமிடம் நேரம் கேட்டு, என்ன விஷயம் என்று ஒரு வரி மெயிலில் சொல்லிவிட்டுப் போங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், இங்கே அதுதான் மரியாதை. "மேடம், மேடம்" என்று ஆரம்பித்தால் நம் முதுகு தானாகவே வளைந்துவிடுகிறது.

முதலில் நீங்கள் கேளுங்கள்: "இந்த விதி எதைத் தடுக்க வந்தது?" தொற்றா, விபத்தா, பார்வைக்கு ஒழுங்கா? பதிலை எழுதிக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் மூன்று வேறு பதில்கள் தேவைப்படும். தொற்று என்றால் துணி, துவைப்பு, உதிர்வு பற்றிப் பேசுங்கள். விபத்து என்றால் இழுபடுவது, நழுவுவது பற்றி. வெறும் தோற்றம் என்றால் உங்கள் பக்கம் பலம் அதிகம். ஏன் என்பதற்கு ஒரே நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் சொன்ன இரண்டு முடிவுகளே போதும்.

2013 ஜனவரி 15, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். நாடியா எவெய்டா பிரிட்டிஷ் ஏர்வேஸில் செக்-இன் ஊழியர். 2006-இல் சின்னச் சிலுவையை வெளியே தெரியும்படி அணிந்தார், கம்பெனி யூனிஃபார்ம் விதிப்படி கூடாது என்றது. கம்பெனி சொன்ன காரணம் அதன் தோற்றப் பொலிவு. இத்தனைக்கும் டர்பனும் முக்காடும் அங்கே ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டிருந்தன, அதனால் கம்பெனிக்கு எந்தக் கெடுதலும் வந்துவிடவில்லை. அவர் ஜெயித்தார். ஷெர்லி சாப்லின் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவருடையதும் கழுத்துச் சங்கிலியில் சிலுவைதான். மருத்துவமனை சொன்ன காரணம், நோயாளி பிடித்து இழுக்கலாம், காயத்தில் படலாம் என்பது. சிலுவையைப் புரூச்சாகக் குத்திக்கொள்ளுங்கள், அல்லது கழுத்து மூடிய பனியனுக்குள் போட்டுக்கொள்ளுங்கள் என்று மாற்றும் சொன்னார்கள், அவர் ஏற்கவில்லை. அவர் தோற்றார். சிலுவை ஒன்றேதான், விதிக்குச் சொன்ன காரணம்தான் வேறு. தாலியைப் பற்றிப் பேசப் போகிறவர்கள் சாப்லின் வழக்கை ஒரு முறை நிதானமாக யோசித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். மாற்று வழி கொடுத்த மருத்துவமனையை எதிர்த்து நிற்பது கடினம்.

அதே தீர்ப்பிலிருந்து நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. ஒரு அடையாளம் மதத்தில் கட்டாயம் என்று நிரூபிக்கத் தேவையில்லை, நம்பிக்கையோடு அதற்கு நெருக்கமான தொடர்பு இருந்தால் போதும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆகவே "பொட்டு வைக்காவிட்டால் எங்கள் மதத்தில் பாவம்" என்று இல்லாததைச் சொல்லாதீர்கள். பக்கத்து வார்டில் பொட்டு வைக்காத இந்து நர்ஸ் இரண்டு பேர் இருப்பார்கள், மேனேஜர் அவர்களைக் காட்டுவார், உங்கள் பேச்சு அங்கேயே படுத்துவிடும். "எல்லோரும் வைப்பதில்லை. எனக்கு இது என் வழிபாட்டின் பகுதி, தினமும் காலையில் வேண்டிக்கொண்டு வைக்கிறேன். எங்களில் பல பெண்கள் இப்படித்தான்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "எங்களில் பலர்" என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். 2010-இன் சமத்துவச் சட்டத்தில் மறைமுகப் பாகுபாடு என்று ஒன்று உண்டு: எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியும் விதி ஒரு மதத்தாரை அதிகம் பாதித்தால், தகுந்த நோக்கத்துக்காக அளவோடுதான் விதித்தோம் என்று காட்டும் பொறுப்பு முதலாளியுடையது. அங்கே பாதிப்பு உங்கள் ஒருவருக்கு மட்டுமா, உங்களைப் போன்றவர்களுக்குமா என்பது கேள்வியாகும். எவெய்டா முன்னால் பிரிட்டன் நீதிமன்றங்களில் தோற்றதே அந்த இடத்தில்தான்.

எதிர்ப்பக்கத் தவறு இதைவிட நமக்குப் பழக்கமானது. "பரவாயில்லை, எடுத்துவிடுகிறேன்", "அது சும்மா ஒரு பழக்கம்", "ஃபேஷன் மாதிரிதான்". பணிவுக்காக நாம் சொல்வது இது, ஆனால் அவர்கள் அதைத் தகவலாகக் குறித்துக்கொள்வார்கள். நான்கு மாதம் பொட்டில்லாமல் வேலை செய்துவிட்டு ஐந்தாவது மாதம் இது என் நம்பிக்கை என்றால், அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்கத்தான் செய்வார்கள். ஏற்கெனவே அப்படிச் சொல்லியிருந்தால் இன்றைக்கே திருத்துங்கள். தங்கை அதைத்தான் செய்தாள்: "அன்று பதற்றத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அது சரியான பதில் இல்லை. இது என் மத நம்பிக்கை சம்பந்தப்பட்டது." இவ்வளவுதான்.

சக ஊழியரைச் சுட்டிக்காட்டியும் பேசாதீர்கள். "அவளுக்கு முக்காடு உண்டு, எனக்கு மட்டும் பொட்டு இல்லையா?" என்று கேட்டால், மேனேஜருக்கு எளிதான தீர்வு இரண்டையும் தடுப்பதுதான். எங்கள் வார்டில் கிட்டத்தட்ட அதுதான் நடக்க இருந்தது. தங்கையும் காயல்பட்டினத்துத் தோழியும் தனித்தனியாக நேரம் கேட்டிருந்தார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல். நான் இருவரையும் சேர்த்து உட்கார வைத்து ஒரே அளவுகோலை எழுதச் சொன்னேன்: உதிரக் கூடாது, தொங்கக் கூடாது, 60 டிகிரியில் துவைக்கும்படி இருக்க வேண்டும் அல்லது எறிந்துவிடும்படி இருக்க வேண்டும், முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது, முகமும் பேட்ஜும் தெரிய வேண்டும். இந்த அளவுகோலில் யாருடைய மதமும் வரவில்லை. சாந்துப் பொட்டும் தேறுகிறது, ஜெர்சி முக்காடும் தேறுகிறது, பொடிக் குங்குமமும் ஷிஃபானும் தேறவில்லை. மேனேஜருக்கு உண்மையில் வேண்டியிருந்ததும் இதுதான், நாளைக்கு வேறு யார் வந்து கேட்டாலும் அவர் பயன்படுத்தக்கூடிய ஒரு கோடு.

மெயில்

பேசி முடித்த அன்றே மெயில் போடுங்கள். தங்கை அனுப்பியதன் சாரம் இது. உங்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், இலக்கணம் முன்னே பின்னே இருந்தாலும் பாதகமில்லை.

"இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. நான் நெற்றியில் வைக்கும் பொட்டு என் இந்து வழிபாட்டின் பகுதி என்று சொன்னேன். துகள் உதிர்ந்து காயத்தில் விழக்கூடும், ரத்தம் என்று நோயாளிகள் பயப்படக்கூடும் என்பவை உங்கள் கவலைகள் என்று சொன்னீர்கள். அதனால் பொடிக்குப் பதில் உலர்ந்த சாந்தும், வகிட்டில் திரவக் குங்குமமும் வைக்கிறேன். சோதித்துப் பார்த்த படங்களை இணைத்திருக்கிறேன். தொற்றுத் தடுப்புக் குழுவின் கருத்தைக் கேட்பதாகச் சொன்னீர்கள். நான்கு வாரம் இப்படி நடந்து பார்த்துவிட்டு மறுபடி பேசலாம் என்று முடிவு செய்தோம். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள்."

கடைசி வாக்கியத்தை மறக்காதீர்கள். அவர் மறுத்து எழுதாவிட்டால் இந்த மெயில்தான் பதிவு. தொற்றுத் தடுப்புக் குழுவை உள்ளே இழுத்ததும் வேண்டுமென்றுதான். தொற்று பற்றி மேனேஜரை விட அவர்களுக்குத் தெரியும், நாங்கள் சொல்வதை விட அவர்கள் சொல்வது எடுபடும். எங்கள் விஷயத்தில் அவர்களிடமிருந்து வந்த பதில் இரண்டே வரி: உலர்ந்த குறியில் ஆட்சேபம் இல்லை, ஸ்டிக்கர் பொட்டு காயம் கட்டும் இடங்களில் வேண்டாம். ஸ்டிக்கர் விஷயத்தில் தங்கைக்குக் கொஞ்சம் வருத்தம். ஊரிலிருந்து பத்து அட்டை கொண்டுவந்திருந்தாள்.

மறுத்துவிட்டால்

மறுப்பையும் அதன் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். "விதி அப்படி" என்பது காரணம் ஆகாது. அப்புறம் யூனியன் பிரதிநிதி. ஆர்.சி.என்., யூனிசன் எதில் இருந்தாலும் சரி, சேராமல் இருந்தால் பிரச்சினை வரும் முன்பே சேருங்கள், ஏற்கெனவே இருந்த பிரச்சினைக்குப் பல யூனியன்கள் உதவாது. அதற்கடுத்தது ஹெச்.ஆரிடம் முறையான புகார்.

இங்கே கெடுவைக் கவனிக்க வேண்டும். பாகுபாட்டு வழக்குக்கு நீண்ட காலமாக இருந்துவரும் கெடு, சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்தில் ஒரு நாள் குறைவு. அதற்குள் அகாஸ் என்ற அமைப்பிடம் முன்கூட்டிய சமரசத்துக்குப் பதிவு செய்ய வேண்டும், அது இலவசம். 2025-இல் நிறைவேறிய சட்டம் இந்தக் கெடுவை ஆறு மாதமாக நீட்ட வழி செய்திருக்கிறது. உங்கள் சம்பவத் தேதிக்கு எது பொருந்தும் என்று அகாஸ் உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள், அதுவரை குறுகியதையே மனதில் வையுங்கள். ஹெச்.ஆரில் புகார் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காகக் கெடு நிற்காது. "விசாரணை முடியட்டும்" என்று காத்திருந்து தவறவிட்டவரை எனக்குத் தெரியும்.

விசாவை நினைத்து வாய்மூடி இருப்பவர்கள் நிறையப் பேர். ஸ்பான்சர்ஷிப் முதலாளி கையில் இருக்கும்போது அந்தப் பயம் இயல்பு, எனக்கும் இருந்தது. ஆனால் பாகுபாட்டுச் சட்டத்தின் பாதுகாப்புக்கு இத்தனை வருடம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற கணக்கு கிடையாது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே தொடங்கிவிடுகிறது, ஸ்பான்சர் விசாவில் இருப்பவர்களுக்கும் உண்டு. புகார் செய்ததற்காகப் பழிவாங்குவது தனியாக ஒரு குற்றச்சாட்டு. அதனால்தான் மெயில்களைச் சேர்த்து வைக்கச் சொல்கிறேன். ஆபீஸ் கணக்கிலிருந்து நோயாளிகள் பற்றிய எதையும் வெளியே அனுப்பிவிடாதீர்கள், அது வேறு வம்பு. உங்கள் உடை பற்றிய மெயில்களை மட்டும் அச்செடுத்து வீட்டில் வையுங்கள்.

எங்கள் வார்டில் அது வரை போகவில்லை. நான்கு வாரம் கழித்து அறிவிப்பைக் கிழித்துவிட்டு, அந்த அளவுகோலையே சற்று மாற்றி எழுதி ஒட்டினார்கள். கழுத்தில் எதுவும் தெரியக் கூடாது என்ற வரி மட்டும் அப்படியே நின்றது. நானும் தாலியை உள்ளே குத்திக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.

அடுத்த வருடமே அந்த மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் வந்த முதல் வாரம், காயல்பட்டினத்துத் தோழி தன் பழைய மெயிலை அவருக்கு அப்படியே திருப்பி அனுப்பினாள், மேலே "உங்கள் தகவலுக்கு" என்று மட்டும் எழுதி. அவர் படித்துவிட்டு அவளிடம் நேரில் வந்து கேட்டது, 60 டிகிரியில் துவைத்தால் அந்தக் கருநீலம் வெளுத்துப்போகாதா என்று. வெளுக்கும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதிது வாங்க வேண்டியிருக்கிறது என்றாள். யூனிஃபார்ம் ஆர்டரோடு அதையும் சேர்த்து வாங்க முடியுமா என்று விசாரிப்பதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.